பலகை மாட்டியாச்சு, பெயர் கைக்கு வரவில்லை

சிறுதொழில் பயிற்சிப் பட்டறைகளுக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. குத்துவிளக்கு உண்டு. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை உண்டு. மத்தியானம் சோற்றுப் பார்சல் உண்டு. 'டிஜிட்டல் பொருளாதாரம்' என்று ஆளுயரப் பதாகை உண்டு. அதன் அடியில் தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரியும் உண்டு. பின்னேரம் சான்றிதழ். தொழிலுக்கு வைத்த பெயர் இணையத்தில் சும்மா கிடக்கிறதா, எவனாவது அதில் குந்தியிருக்கிறானா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் நிகழ்ச்சி நிரலில் இடமில்லை.

கலஹாவில் ஒரு பெண் தேயிலைத்தூள் பக்கெட் போட்டு விற்கக் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து இந்த மலையில் நம் ஆட்கள் கிள்ளிய கொழுந்தெல்லாம் அடுத்தவன் பெயரில்தான் கப்பலேறியது. இவள் சொந்தப் பெயரில் விற்கப் பார்க்கிறாள். 'கலஹா கொழுந்து'. நல்ல பெயர். கிராம சேவகரிடம் கடிதம். பிரதேச செயலகத்தில் படிவம், கட்டணம், 'நாளைக்கு வாங்க', கடைசியில் சீல். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியாச்சு. பலகை எழுதியாச்சு. கண்டிக்குப் போய்ப் பக்கெட்டும் அச்சடித்தாச்சு, இணைய முகவரியோடு. பிறகுதான் அந்த முகவரியை வாங்கப் போகிறாள். galahakolunthu.com யாரோ ஒருவன் கையில். விலைக்கு இருக்கிறதாம். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சாமானுக்கு இரண்டாயிரம் டொலர் கேட்கிறான்.

சீல் குத்திய மேசையில் போய்க் கேட்டுப் பாருங்கள். "அது எங்கட வேலை இல்லை." உண்மைதான். வியாபாரப் பெயர்ப் பதிவேடு ஒரு அலுமாரி. கம்பனிப் பதிவாளரின் பட்டியல் இன்னொரு அலுமாரி. வர்த்தகக் குறிக்குக் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம். .lk முகவரிக்குத் தனியாக ஒரு பதிவகம். அங்கே முந்தினவனுக்குத்தான் பெயர். ஒரு அலுமாரி இன்னொன்றை எட்டிப் பார்ப்பதில்லை. கட்டணம் வாங்குவதில் மட்டும் எல்லாருக்கும் ஒற்றுமை.

ஆகவே நாமே பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது என்பதிலும் சூது இருக்கிறது. முகவரி விற்கும் கடைக்காரனின் தேடல் பெட்டியில் மனதிலிருப்பதைத் தட்டாதீர்கள். கட்டுக்கதை என்று நினைக்க வேண்டாம். நெட்வேர்க் சொல்யூஷன்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கம்பனி, தன் தளத்தில் மக்கள் தேடிய பெயர்களைத் தானே நான்கு நாள் பிடித்து வைத்துக்கொண்டது 2008 ஜனவரியில் அம்பலமானது. அந்த நான்கு நாளும் வேறு எங்கும் வாங்க முடியவில்லை. கேட்டபோது, வாடிக்கையாளரைப் பாதுகாக்கத்தான் என்றார்கள். திருடனே காவலுக்கு நின்ற கதை. .com பெயரா, lookup.icann.org என்ற பொதுப் பதிவில் பாருங்கள். .lk பெயரா, domains.lk. தளத்தைத் திறந்தால் வெறுமையாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரன் உண்டு.

பார்க்கும்போது ஒரே எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிட்டு எழும்பிவிடக் கூடாது. நம் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரித் தட்டுவார்கள். kolunthu, kolundu, kozhundhu. நீங்கள் ஒன்றை வாங்கினால் வாடிக்கையாளர் மற்றதைத் தட்டி வேறொருவன் வாசலில் நிற்பார். எது அதிகம் தட்டப்படும் என்று நாலு பேரை எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரு துண்டுக் கடதாசி போதும். நீளத்தையும் எண்ணுங்கள். எக்ஸ் தளத்தில் கணக்குப் பெயருக்கு 15 எழுத்துத்தான் இடம். galahakozhundhu சரியாக 15. பெயர் போய்விட்டதே என்று பின்னால் lk சேர்க்கலாம் என்றால் இடமில்லை. இன்ஸ்டாகிராம் 30 வரை விடும். முகநூலிலோ நடுவில் புள்ளி வைப்பதால் பெயர் புதிதாகிவிடாது, galaha.kolunthuவும் galahakolunthuவும் அதற்கு ஒன்றே.

சமூக ஊடகப் பெயரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் பெயரைத் தேடினால் 'இந்தப் பக்கம் இல்லை' என்று வரும். ஆகா, நமக்குத்தான் என்று பக்கெட்டை அச்சுக்கு அனுப்புவோம். கணக்குத் திறக்கப் போனால் 'இந்தப் பெயர் கிடைக்காது'. முடக்கப்பட்ட கணக்கும், சொந்தக்காரன் தற்காலிகமாக மூடிய கணக்கும் கண்ணுக்குத் தெரியாது. பெயரை மட்டும் விடாது. ஆகவே தேடிப் பார்ப்பது சோதனையே அல்ல. கணக்குத் திறக்கும் படிவத்தில் பெயரைப் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. கிடைத்தால் அந்த இடத்திலேயே திறந்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் கம்பனிக்கு எழுதிப் பயனில்லை. ஆள் பாவிக்காமல் போட்டுவிட்டார் என்பதற்காகப் பெயரைப் பறித்துத் தர மாட்டோம் என்பார்கள். கொள்கையாம்.

இப்படிப்பட்ட கொள்கைகளின் அழகை 2023 ஜூலையில் பார்த்தோம். ட்விட்டர் ஒரே இரவில் எக்ஸ் ஆனது. @x என்ற பெயர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு புகைப்படக்காரரிடம் 2007 முதல் இருந்தது. உலகத்தின் பெரிய பணக்காரர் பெயரை மாற்றும் முன்பு அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. எடுத்துக்கொண்டார்கள். ஒரு சதம் கொடுக்கவில்லை. கம்பனியின் சின்னம் போட்ட சாமான்களும், அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் தருவதாகச் சொன்னார்கள். கலஹாப் பெண் இதைச் செய்தால் பெயர் மோசடி. அவர்கள் செய்தால் பெயர் மாற்றம்.

ரிலையன்ஸ் கதை இதைவிட ருசி. ஜியோவும் ஹொட்ஸ்டாரும் சேரக்கூடும் என்று மணந்து பிடித்த டெல்லி இளைஞர் ஒருவர் jiohotstar.com என்பதை 2023லேயே வாங்கி வைத்தார். 70,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் மதிப்பிட்ட இணைப்பு. அதற்குள் பல நூறு சட்டத்தரணிகள் இருந்திருப்பார்கள். ஒருவருக்கும் இந்தப் பெயரை முந்தி வாங்கத் தோன்றவில்லை. 2024 ஒக்டோபரில் இளைஞர் அந்தத் தளத்திலேயே கடிதம் போட்டார்: கேம்பிரிட்ஜ் படிப்புக்குப் பணம் தாருங்கள், பெயரைத் தருகிறேன். ஏறக்குறைய ஒரு கோடி இந்திய ரூபா. கம்பனி மறுத்துவிட்டது என்று அவரே எழுதினார். கடைசியில் டுபாயில் வசிக்கும் இரண்டு பிள்ளைகள் அவரிடம் வாங்கி, கம்பனிக்கு இலவசமாகவே தருகிறோம் என்றார்கள். 2025 பெப்ரவரி 14இல் ஜியோஹொட்ஸ்டார் வந்தது. சட்டத்தரணிப் படைக்குச் சின்னப்பிள்ளைகள் கைகொடுத்தார்கள்.

நம் ஊருக்கு அப்படிப் பிள்ளைகள் வருவதில்லை. நமக்கு வருபவர் தளம் செய்து தரும் தம்பி. "அக்கா, நீங்க யோசிக்காதீங்க, டொமைன் நான் எடுத்துத் தாறேன்." எடுப்பார். தன் பெயரில், தன் மின்னஞ்சலில், தன் கார்டில். பில்லில் காசு உங்களுடையது. பதிவேட்டில் உரிமையாளர் அவர். வாங்கும் அன்றே உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் என்று காட்டச் சொல்லுங்கள். முகம் கோணினால் அங்கேயே எழும்பி வாருங்கள். ஒரு வருஷம் கழித்துத் தம்பி கட்டாருக்குப் போய்விடுவார், புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருடைய பெட்டிக்குப் போகும், காலாவதியான பெயரை எங்கோ ஒரு வியாபாரி அள்ளிக்கொள்வான். மீட்க வேண்டுமா? .com பெயருக்கு உலகப் புலமைச் சொத்து அமைப்பிடம் போகலாம். ஒரு நடுவர் விசாரிக்க 1,500 டொலர் கட்டணம். அங்கேயும் முதலில் கேட்பது உங்கள் வர்த்தகக் குறியை. கண்ணாடி போட்டு மாட்டிய வியாபாரப் பெயர்ச் சான்றிதழை நீட்டினால் அதை மட்டும் வைத்து அவர்கள் வழக்கை எடுக்க மாட்டார்கள். பட்டறையில் அடுத்த வருஷம் இன்னொரு சான்றிதழ் தருவார்கள், அதையும் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம்.