அதிமதுரமும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி: பிரஷர் மாத்திரையோடு மருந்துக்கடைக்காரர் ஒரு துண்டறிக்கையும் தந்தார். ‘நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்’ என்றிருந்தது. தொண்டைக்கு தினமும் அதிமதுரம் மெல்லுகிறேன். அதையுமா சொல்லணும்?

பதில்: முதலில் அதைத்தான் சொல்லணும்! உங்கள் பாட்டி சொல்லியிருப்பார், அது சரி, அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் பாட்டி பிரஷர் மாத்திரை போடவில்லையே. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள், உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும். பொட்டாசியத்தைச் சிறுநீரில் அனுப்பிவிடும். மாத்திரை பிரஷரை இறக்கும், அதிமதுரம் ஏற்றும். நடுவில் நீங்கள் டாக்டரிடம் போய் ‘மாத்திரை கேட்கலை’ என்பீர்கள். அவரும் டோஸைக் கூட்டுவார்! அந்த மாத்திரை நீர் பிரியவைக்கும் வகை என்றால் பொட்டாசியம் இரண்டு வழியிலும் போகும். நீர் தங்கினால் கால் வீங்கும்; பொட்டாசியம் குறைந்தால் தசை சோரும், நெஞ்சு படபடக்கும். இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைவது உண்மையிலேயே ஆபத்து.

எப்போதோ ஒருநாள் ஒரு துண்டு மென்றதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் மெல்லுவதுதான் வம்பு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதிமதுரத்தை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் சொல்லி பிரஷரையும் பொட்டாசியத்தையும் பாருங்கள். நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகாது, சில வாரம்கூட ஆகலாம். இருமல் சூரணம், கஷாயப் பொடி இருந்தால் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்; அதற்குள்ளும் அதிமதுரம் இருக்கக்கூடும். தொண்டைக்கு உப்பு நீர் கொப்பளிக்கலாம். விழுங்காமல் துப்புங்கள், இல்லையென்றால் மறுபடி பிரஷர் கேள்வியோடு வருவீர்கள்!