பட்டம் தெளித்தல்: யாழ்ப்பாணத்து அதிகாரப் பெயர்கள் பற்றிய ஒரு விகுதியியல் ஆய்வு

1. முன்னுரை

யாழ்ப்பாணத்தில் பட்டம் மூன்று வகைப்படும். முதலாவது பல்கலைக்கழகம் கொடுப்பது. அதற்கு மூன்று நான்கு வருடம் வேண்டும். இரண்டாவது தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுவது. அதற்குக் காற்று வேண்டும். மூன்றாவது ஊர் வைப்பது. அதற்கு ஒருமுறை சறுக்கி விழுந்தாற் போதும். அல்லது ஒரு சீருடை போட்டாற் போதும். இந்த மூன்றாவது பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவதை ஊரில் 'பட்டம் தெளிக்கிறது' என்பார்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் பாரபட்சமில்லாமல் தெளிக்கப்படும் ஒரே தண்ணீர் இதுதான்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு ஊர் தெளித்த பட்டங்கள் ஏன் சில இடத்தில் நக்கலாகவும் சில இடத்தில் செல்லமாகவும் விழுகின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினா.

2. ஆய்வு முறை

தரவுகள் வாசிகசாலை வாங்கிலும் சங்கக்கடை வாசலிலும் திரட்டப்பட்டன. தகவலாளர்கள் ஐவர். அவர்களில் ஒருவருக்குக் காது கேளாது. இன்னொருவருக்குக் கேட்கும், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார். எஞ்சிய மூவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தபடியால், மூன்று தரப்பும் ஒத்துக்கொண்டவை மட்டுமே இங்கே தரவாகக் கொள்ளப்பட்டுள்ளன.

3. உலக நிலவரம், சுருக்கமாக

1829ஆம் ஆண்டு சேர் ரொபேட் பீல் இலண்டன் மாநகரப் பொலிசை உருவாக்கினார். இலண்டன்வாசி ரொபேட்டைச் சுருக்கிப் பொலிஸ்காரனுக்குப் 'பொபி' என்று பெயர் வைத்தான். அயர்லாந்துக்காரன் அதே மனிதரின் மறுபாதிப் பெயரை எடுத்துப் 'பீலர்' என்றான். பெயர் தந்தவர் ஒருவரே. முற்பெயரால் அழைத்தவனுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. குடும்பப் பெயரால் அழைத்தவனுக்கு அவர் அயலான். அயர்லாந்தில் அந்தப் பெயர் அன்பாக ஒலிக்கவில்லை.

பிரெஞ்சுக்காரன் பொலிசைக் 'கோழி' என்கிறான். பாரிஸ் பொலிஸ் தலைமையகம் பழைய கோழிச்சந்தை இருந்த நிலத்தில் எழுந்ததே காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்நகரின் லா சப்பலில் கடை வைத்திருக்கும் நம்மவர் பலருக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். ஆனால் உரத்துச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் தலைமைக் காவலர் 'ஏட்டையா'. ஆங்கில 'ஹெட்'டின் தலையில் ஐயா ஏறி உட்கார்ந்த சொல் இது. அங்கே இளைஞர்கள் பொலிசை 'மாமா' என்கிறார்கள். சிறைக்கு 'மாமியார் வீடு' என்று பெயர். இரண்டு சொல்லும் ஒரே குடும்பத்தில் பொருந்தி நிற்பதைக் கவனிக்க வேண்டும். பெண் எடுத்த வீட்டில் சாப்பாடு இலவசம். வெளியே வருவதுதான் சிரமம்.

இந்தக் குடும்பக் கணக்கு யாழ்ப்பாணத்தில் செல்லாது. இங்கே சிறைக்குப் பெயர் 'மறியல்'. 'கச்சேரி' என்பது அரசாங்க அலுவலகம். "அண்ணர் காலமை கச்சேரிக்குப் போனவர், பின்னேரம் மறியல்" என்று ஒரு யாழ்ப்பாணத்தான் சொன்னால், சென்னைக்காரர் பாட்டுக் கேட்கப் போனவர் வீதியில் உட்கார்ந்து போராடுகிறார் என்று விளங்கிக்கொள்வார். எனவே யாழ்ப்பாணத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே விதி தேட வேண்டியிருக்கிறது.

4. முதல் விதி: கிணற்றடி விதி

தேடியதில் கிடைத்தது இது. யாழ்ப்பாணத்தில் மரியாதையும் நக்கலும் பெயர்ச்சொல்லில் இல்லை, வால்பகுதியில் இருக்கின்றன. 'ஆர்' என்று முடிந்தால் ஒன்று. 'காரன்' என்று முடிந்தால் வேறு.

'ஆர்' வகைக்கு முதன்மைச் சான்று விதானையார். வெள்ளைக்காரன் காலத்தில் வடமாகாணத்தில் மணியகாரர், அவருக்குக் கீழே உடையார், அவருக்குக் கீழே விதானை என்று படி இறங்கும். கிராமத்தின் காவலும் விதானையின் தலையில்தான் விழுந்தது. 'பொலிஸ் விதானை' என்றே ஒரு பதவி இருந்தது. களவு போனால் அவரிடம் சொல்ல வேண்டும். வேலிச் சண்டை என்றால் அவர் வர வேண்டும்.

ஆனால் விதானை அதே ஊர்க்காரர். அவருடைய மனிசி கோயிலில் உங்கள் மனிசிக்குப் பக்கத்தில் நிற்பா. அவருடைய மாடு உங்கள் தோட்டத்தில் மேயும். பிடித்துக் கட்டினால், களவு கொடுத்தவர் நீங்களும் விசாரிக்க வருபவர் அவருமாக ஒரு சிக்கலான வழக்கு உருவாகும். இப்படிப்பட்டவரை 'விதானைக்காரன்' என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் கிணற்றடியில் முகம் பார்க்க முடியாது. அதனால் 'ஆர்' ஒட்டியது. பிள்ளைகளை அடித்துப் படிப்பித்த சட்டம்பியாருக்கும் கசப்பு மருந்து தந்த பரியாரியாருக்கும் இதே காரணத்தால் இதே வால் கிடைத்தது.

ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் அதிகாரிக்கு 'ஆர்' விகுதி கிடைக்கும் என்பதைக் கிணற்றடி விதி எனலாம்.

கிணறு வேறாக இருந்தால் என்ன நடக்கும்? பீல் இலண்டனில் பொலிசை உருவாக்கிய அதே 1829இல் பேர்சிவல் டைக் என்பவர் யாழ்ப்பாணத்துக்கு அதிகாரியாக வந்தார். 1867இல் இறக்கும்வரை ஏறக்குறைய 38 வருடம் வடக்கை ஆண்டார். அவருக்குக் கிடைத்த பட்டம் 'வடக்கின் ராசா'. பேர்சிவலைச் சுருக்கி யாரும் செல்லப்பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. ராசாவுக்கு வால் ஒட்ட இடமில்லை.

5. இரண்டாம் விதி: ஐஸ்பழ விதி

பொலிஸ்காரன், ஆமிக்காரன், நேவிக்காரன். இவர்கள் வாகனத்தில் வருபவர்கள். இவர்களுக்கு ஊர் ஒட்டிய 'காரன்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு நுட்பம் விளங்கும். மீன்காரன், பேப்பர்காரன், ஐஸ்பழக்காரன் ஆகியோருக்கும் அதே வால்தான். சத்தம் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்து, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போகிறவர் எவரும் இலக்கணப்படி ஒரே இனம். துவக்கு வைத்திருப்பவனை ஐஸ்பழப் பெட்டி வைத்திருப்பவனோடு ஒரே வரிசையில் நிறுத்தியது ஊருக்குக் கிடைத்த மலிவான பழிவாங்கல். இந்த வால் முதுகுக்குப் பின்னால்தான் ஒட்டப்படும். முகத்துக்கு முன்னால் எல்லோரும் 'சேர்'.

1987இல் வந்த இந்தியப் படைக்கு அரசாங்கங்கள் வைத்த பெயர் அமைதிப்படை. ஊர் மாலை போட்டு வரவேற்றது. அந்த ஒக்டோபரில் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு ஊரில் 'அமைதி' என்ற பகுதி உதிர்ந்துபோய் 'இந்தியன் ஆமி' மட்டும் மிஞ்சியது. அதிகாரம் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பட்டத்தை ஊர் இப்படித்தான் திருப்பிக் கொடுத்துவிடும்.

6. ஒரு செய்முறை: 'ஐயா'

1995க்குப் பிந்திய யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுபது வயது மனிதர் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வருகிறார். கையில் அடையாள அட்டை. எதிரே இருபது வயதுச் சிங்களச் சிப்பாய்.

கிழவர் "ஐயா" என்கிறார். தமிழில் அது பெரிய மரியாதை. யாழ்ப்பாணத்தில் பெற்ற தகப்பனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சிங்களத்தில் அதே ஒலிக்கு அண்ணன் என்று பொருள். ஆகவே கிழவர் அவனைத் தகப்பன் தானத்தில் வைக்க, அவன் காதில் தான் அண்ணனாகி, கிழவர் தம்பியாகிறார். அடுத்து நிற்கும் பெடியனை அவன் "மல்லி" என்று கூப்பிடுகிறான். சிங்களத்தில் அது தம்பி. பின்னால் நிற்கும் ஆச்சி, இவனுக்கு இந்த நேரத்தில் கொத்தமல்லி எதற்கு என்று யோசிக்கிறா. சில மாதத்தில் சிப்பாயும் நாலு தமிழ்ச்சொல் பழகி, "ஐயா, போங்க" என்று கிழவரைப் பார்த்துச் சொல்கிறான். இப்போது இருவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். இருவருக்கும் இடையில் துவக்கும் அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து பெறப்படுவது: உறவுச்சொல் எல்லாம் பாசத்தால் வருவதில்லை. சில உறவுச்சொற்கள் கடவைச்சீட்டு.

7. விதிக்கு அடங்காத சொல்: பெடியள்

உண்மையான பாசத்தால் வந்த ஒரு பெயரும் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் ஆயுதம் எடுத்த இளைஞர்களை ஊர் 'பெடியள்' என்றது. ஆரும் இல்லை, காரனும் இல்லை; வீட்டுப் பிள்ளையைச் சொல்லும் அதே சொல். பெடியளுக்குச் சோறு போடுவது கடமை. பெடியள் செய்த பிழைக்குச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சமாதானம் சொல்லலாம். செல்லப்பெயர் செய்யும் வேலையே அதுதான். பிழைக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வைப்பது.

பிறகு அவர்களே நிர்வாகம் ஆனார்கள். 1991இல் விடுதலைப்புலிகள் தமிழீழக் காவல்துறையை அமைத்தார்கள். இளநீலச் சட்டை வீதிக்கு வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு சொல் உண்டாயின: 'பொலிஸ்' என்றால் கொழும்பு, 'காவல்துறை' என்றால் இவர்கள். அதோடு 'பெடியள்' மெல்ல 'இயக்கம்' ஆயிற்று. வரி கேட்டும் விசாரித்தும் பாஸ் கொடுத்தும் வீட்டுக்கு வருபவரைப் பெடியன் என்று நினைக்க முடியவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவை வந்திட்டுப் போனவை" என்றார்கள். இராணுவத்துக்கு "அவங்கள்", இயக்கத்துக்கு "அவை". மரியாதையில் வேறுபாடு உண்டு. பெயர் இரண்டிலும் இல்லை.

இதே காலத்துச் சொல் ஒன்றையும் இங்கே பதிய வேண்டும். சுற்றிவளைப்பில் பிடித்த ஆட்களை வரிசையாக விட, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து தலையை அசைத்துக் காட்டிக்கொடுத்தவனுக்குப் பெயர் 'தலையாட்டி'. அது வேறிடங்களில் கொலுவில் வைக்கும் பொம்மையின் பெயர். தகவலாளர் மூவரும் இந்தச் சொல்லுக்குச் சிரிக்கவில்லை. ஆய்வாளரும் மேலே கேட்கவில்லை.

8. முடிவு

நக்கல் பட்டம் தெளிக்க ஊருக்குக் கொஞ்சம் துணிவு இருக்க வேண்டும். செல்லப் பட்டம் வைக்க அதிகாரம் கொஞ்சம் அயலில் இருக்க வேண்டும். பயம் முற்றினால் இரண்டும் போய்ச் சுட்டுப்பெயர் மட்டும் மிஞ்சும். எனவே ஒரு நாட்டில் பொலிசுக்கு எத்தனை கெட்ட பெயர் இருக்கிறது என்று கவலைப்படத் தேவையில்லை. பெயரே சொல்லாமல் 'அவை' என்கிறார்களா என்று பார்த்தாற் போதும்.

1963இல் அரசாங்கம் விதானைமார் அடங்கிய கிராமத் தலைமைக்காரர் முறையை ஒழித்துக் கிராம சேவகரை நியமித்தது. பின்னர் அவரும் கிராம அலுவலர் ஆனார். பெயர்ப்பலகை இரண்டுதரம் மாறிவிட்டது. இந்த ஆய்வின் கடைசித் தரவு போன கிழமை திரட்டப்பட்டது. வதிவிடச் சான்றிதழ் எடுக்க வந்த ஒருவர் அலுவலகப் படலையில் நின்று கேட்டார்:

"விதானையார் நிக்கிறாரோ?"

உள்ளேயிருந்து பதில் வந்தது:

"இல்லை. மிஸ் கச்சேரிக்குப் போட்டா."