பேரன் எந்த ஊர்க்காரன்?

மகனும் மருமகளும் கிரீன் கார்டில் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே பிறந்த பேரன் எந்த நாட்டுக்காரன்?
*– ஒரு தாத்தா, கும்பகோணம்*

பிறந்த அன்றே அமெரிக்கக் குடிமகன். பெற்றோரை ஓவர்டேக் செய்துவிட்டான்! பெற்றோர் இந்தியர் என்பதால் வம்சாவளி உரிமையும் உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதித் தர வேண்டும். பலரும் அதற்குள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிடுகிறார்கள்.

கிரீன் கார்டே நிரந்தர வசிப்புரிமைதானே, குடியுரிமை எதற்கு?
*– இன்னொரு வாசகர், தேனி*

பத்து வருடத்துக்கொரு முறை புதுப்பிக்கச் சொல்லும் நிரந்தரம் அது! அட்டைதான் காலாவதியாகும், உரிமை அல்ல. ஆனால் முன் அனுமதி வாங்காமல் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வந்து தங்கினால் அந்த உரிமைக்கே ஆபத்து. அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. சில குற்றங்களில் சிக்கினால் நாடு கடத்தவும் முடியும்.

ஐந்து வருடம் முடிந்து மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால்?
*– அதே தாத்தா*

உறுதிமொழி எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அது. பிறகு ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். விசா தொல்லை இல்லை. ஆனால் இங்கே ஓட்டுப் போட முடியாது, வயல் வாங்கவும் முடியாது. உங்கள் வயலை வாரிசாக அடையத் தடையில்லை. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் ஒப்படைக்கச் சொல்லுங்கள். அதில் பயணம் செய்தால் அபராதம்.