சுண்டல் மேல் ஒரு பொய் வழக்கு

முந்தாநாள் கொலு பார்க்க வந்த பெரியப்பா, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலில் மூன்றாவது வாய் போடும்போதே ஏப்பம் விட்டார். விட்ட கையோடு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, சுண்டல்ல பெருங்காயம் போடலையா? இப்பவே வாயு கிளம்பிருச்சு பாரு" என்றார்.

அன்றைய சுண்டல் என் கைவண்ணம். கொலு மனைவிக்கு, சுண்டல் எனக்கு என்று எங்கள் வீட்டில் ஒப்பந்தம். முந்தின ராத்திரியே ஊறப் போட்டு, காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தவன் நான். பெருங்காயமும் போட்டேன். ஆனாலும் வந்திருந்த பெண்கள் எல்லாரும் தட்டை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. சுண்டல் சாப்பிட்டும் வாயு படுத்தாமல் இருக்க ஒரு வழி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பெரியப்பாவின் ஏப்பத்தைக் கவனிப்போம்.

நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். காபி ஏப்பம் என்று ஒன்று. கொதிக்கக் கொதிக்க வாங்கி, ஆறுகிற வரை பொறுக்காமல் 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சுவார். ஒரு வாய்க் காபியோடு அரை வாய்க் காற்று உள்ளே போகும். போன காற்று வந்துதானே ஆக வேண்டும்? அடுத்தது பேச்சு ஏப்பம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, 1987இல் பங்காளி வரப்பைத் தள்ளிப் போட்ட கதையைச் சொல்வார். மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் காற்றையும் சேர்த்து விழுங்குவார். பங்காளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஏப்பம் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது சோடா ஏப்பம். "வயிறு கனமா இருக்கு" என்று ஒரு கோலி சோடா. குடித்ததும் ஒரு முழக்கம். "பாத்தியா, அடைச்சிருந்த வாயு எல்லாம் வெளிய வந்துருச்சு!" வெளியே வந்தது சோடாக்காரர் அடைத்த வாயுதான் பெரியப்பா. நாலாவது வகை வலுக்கட்டாய ஏப்பம். வராத ஏப்பத்தை வரவைக்கக் கழுத்தை நீட்டி, நெஞ்சைத் தட்டி, நாலு தடவை காற்றை விழுங்குவார். விழுங்கியதைத் திருப்பி அனுப்பிவிட்டு "அப்பாடா" என்பார். இதற்குப் பெயர் நிவாரணமாம்.

ஏப்பத்தின் மணத்துக்கும் சுண்டல் பொறுப்பில்லை. இரைப்பையிலிருந்து கிளம்பும் காற்று, அங்கே கிடப்பதன் வாசனையைத் தூக்கிக்கொண்டு வரும். முந்தாநாள் வந்தது மதியம் சாப்பிட்ட பூண்டுக் குழம்பின் வாசனை. சாப்பாடு இரைப்பையை விட்டு நகராமல் தேங்கினால் அழுகின முட்டை வாடை அடிக்கும். அது கந்தகம் கலந்த வாயு. நாள் கணக்கில் அப்படி அடித்தால், கூடவே வயிற்றுப்போக்கும் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பெரியப்பா போக மாட்டார், சோடாதான் குடிப்பார்.

சுண்டலுக்கு மூன்றாவது வாயிலேயே வேலையைக் காட்டத் தெரியாது. கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. ஆகவே அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அதற்குச் சில மணி நேரமாவது ஆகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் விருந்து. இட்லி மாவு ராத்திரியில் பொங்குகிறதே, அதே கதைதான்: அவை தின்று புளிக்கவைக்க, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் கிளம்பும். இவை எதற்குமே வாடை கிடையாது. மூக்கைப் பொத்த வைப்பது கூடவே துளியூண்டு வரும் கந்தக வாயுக்கள். இந்தக் கூட்டம் பெரும்பாலும் கீழ்வழியாகத்தான் வெளியேறும். கடலையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு அதோடு போய்விடும், முழுக்கப் போகாது. முளைகட்டினால் இன்னும் குறையும்; முளைக்கிற விதை தனக்கென்று அதைச் செலவழித்துக்கொள்ளும். வாயுவுக்கு மருந்தென்று பெரியப்பா உரித்து விழுங்கும் பூண்டிலும் குடலில் புளிக்கிற சரக்கு இருக்கிறது. இதை அவரிடம் யார் சொல்வது?

அன்று ராத்திரி பெரியப்பா எங்கள் கூடத்திலேயே படுத்துக்கொண்டார். சுண்டல் சாப்பிட்டது ஏழு மணிக்கு. தண்ணீர் குடிக்க நான் எழுந்தபோது மணி ஒன்றரை. இருட்டில், கொலுப்படிப் பக்கமிருந்து, நீளமாக ஒரு சத்தம். என் சுண்டல் உண்மையிலேயே குற்றவாளியாக நின்ற நேரம் அது ஒன்றுதான். சாட்சிக்கு நானும் மரப்பாச்சியும் மட்டும்.

அந்த ஒரு வழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். காபி போயிருக்கிறது. 'ஸ்ஸ்ர்ர்' கேட்கிறது. இதோ ஏப்பமும் வந்துவிட்டது.

"ஏம்மா, முந்தாநாள் சுண்டல் இன்னும் செரிக்கல பாரு!"