உச்சரிப்பு: இந்தியன் (கைதேர்ந்தது)

லண்டனில் நடிக்கப் பிறந்த எவரும் முதலில் ஒரு பட்டியலுக்குள் போய் உட்கார வேண்டும். ஸ்பாட்லைட் என்று பெயர். 1927இல் தடித்த புத்தகமாகத் தொடங்கியது, இன்று கணினித் திரை. முறையான பயிற்சியோ, சம்பளத்துக்கு நடித்த சான்றோ காட்டவேண்டும். பிறகு ஆண்டுச் சந்தாவும் கட்டவேண்டும். வேலை தேடுகிறவனிடமே காசு பிடுங்குவது என்ன நியாயம் என்று நடிகர் சங்கமான ஈக்விட்டி 2024இல் வழக்கே போட்டது.

ஹாரோவில் என் பெறாமகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துவைத்து அந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, உதுக்கு நான் என்னத்தைப் போடுறது?"

'உது' என்பது உச்சரிப்புக் கட்டம். தெரிந்த உச்சரிப்புகளை எழுதி, ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு வரும் என்றும் குறிக்கவேண்டும். இங்கிலாந்துக்காரனுக்கு இதில் குறையே இல்லை. நியூகாசல் வேறு, லிவர்பூல் வேறு, யார்க்ஷயர் வேறு. இருபது மைலுக்கு ஒரு நாக்கு. நூற்றுநாற்பது கோடிப் பேருக்கு மட்டும் ஒரே நாக்கு போதும். அவளுடைய முகவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தியன்" என்று போடு, பக்கத்தில் "கைதேர்ந்தது" என்று போடு.

பிள்ளை பிறந்தது லண்டனில். தாய் பருத்தித்துறை. இந்தியாவை விமானத்தின் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. ஒரு தேர்வில் தன் அம்மா பேசும் ஆங்கிலத்தையே அச்சாகப் பேசிக் காட்டியிருக்கிறாள். ஏறாத இறங்காத வாக்கியம், முடிவில் ஒரு "என்ன" தொங்கும். இயக்குநர் முகம் சுளித்து, இன்னும் கொஞ்சம் இயல்பாக, இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாக என்றாராம்.

அவர் கேட்ட இயல்பு எதுவென்று எனக்குத் தெரியும். சவுத்சீயில் பிறந்த பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் மை பூசிக்கொண்டு 1960இல் 'தி மில்லியனரஸ்' படத்திலும் 1968இல் 'தி பார்ட்டி'யிலும் பேசிய பேச்சு. வெள்ளைக்காரன் கண்டுபிடித்த இந்தியனை நாங்கள் மூன்று வருடம் நாடகப் பள்ளியில் படித்து, கடன் வாங்கி, திருத்தமாகப் பேசிக் காட்டவேண்டும்.

அடுத்து நடித்தவற்றின் பட்டியல். ஆண்டு, பாத்திரம், தயாரிப்பு, இயக்குநர். பள்ளியில் அவள் கோர்டீலியாவாகச் செத்தபோது முன்வரிசை அழுதது. அது பயிற்சிக் கணக்கில் போய்விடும். சம்பளக் கணக்கில் இருப்பவை: இரண்டாம் செவிலி, செவிலி (பதவி உயர்வு!), குண்டு வைத்தவனின் தங்கை, கடைக்காரரின் மகள், குரல் மட்டும். இந்தப் பட்டியல் ஒரு பொறி. பாத்திரம் தேடுகிறவர் வடிகட்டியைத் தட்டுவார், நூற்றுக்கணக்கில் விரலளவு முகங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் சில விநாடி. செவிலியாக நடித்தவளுக்குச் செவிலி வரும். அவள் காட்சித் தொகுப்பும் அந்தச் செவிலித் துண்டுகளை வெட்டி ஒட்டியதுதான். அதில் அவள் பேசுவதைவிட ஊசி போடுவது அதிகம். அதைப் பார்த்தவருக்கு அடுத்து என்ன தோன்றும்? இன்னொரு செவிலி.

பெயரை மாற்றலாம். கிருஷ்ணா பான்ஜி என்ற பெயரோடு போனபோது, பிரமாதமாக நடித்தாய், உன்னை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை என்றார்களாம். பென் கிங்ஸ்லி என்று மாற்றியதும் வேலை வந்தது. அவரே சொன்ன கதை. 1982இல் அந்த ஆங்கிலப் பெயரோடுதான் காந்தியானார். இந்தியப் பெயரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தால், உள்ளே மகாத்மா வேடமே கிடைக்கும்.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். 2022இல் 'பிரிட்ஜர்ட்டன்' இரண்டாம் பருவத்தில் இரண்டு தமிழ்க் குடும்பத்துப் பெண்கள், சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன், நாயகிகளாகவே வந்தார்கள். சந்தோஷம், நானும் விடிய விடியப் பார்த்தேன். ஆஷ்லியின் குடும்பப் பெயர் பிள்ளை; நடிக்க வரும்போது அது உதிர்ந்தது. திரையில் அவருக்குக் கொடுத்த பெயர் சர்மா. அந்த வீட்டில் தகப்பன் "அப்பா", அக்கா "தீதி", தங்கை "போன்". தமிழ், இந்தி, வங்காளம், ஒரே கூரையின் கீழ்! நடன விருந்துக்கும் கையுறைக்கும் ஊசிமுனை அளவும் பிசகாத கவனம் காட்டியவர்களுக்கு, ஒரு குடும்பம் எந்த மொழி பேசும் என்று கேட்க ஆள் கிடைக்கவில்லை.

பெறாமகள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு "இந்தியன்" என்பதை அழித்தாள். "யாழ்ப்பாணத் தமிழ்: தாய்மொழி" என்று தட்டினாள். அதற்குக் கீழே "வடக்கு லண்டன்: பிறந்ததிலிருந்து" என்றும் எழுதினாள்.

முகவரின் பதில் இருபது நிமிடத்தில் வந்தது. மிக அழகாக இருக்கிறதாம். ஆனால் "இந்தியன்" என்பதைத் திரும்பப் போட்டுவிடச் சொன்னார். வியாழக்கிழமை ஒரு செவிலி இருக்கிறதாம்.