பெயர்ப்பலகையை ஏற்றிவிட்டு பஸ்ஸை விட்டுவிட்டீர்கள்!

கேள்வி: என்னுடைய பழைய கணினியில், தண்டர்பேர்ட் என்ற மென்பொருளுக்குள், மகள் கட்டாரில் இருந்த காலத்துக் கடிதங்கள் முழுவதும் கிடக்கின்றன. அந்த மின்னஞ்சல் கணக்கை மூடி வருஷக்கணக்காகிறது. கணினியோ இருமத் தொடங்கிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் Inbox என்று ஒன்று, Inbox.msf என்று ஒன்று. முதலாவது 4.6 ஜீபி, 16 ஜீபி பென் ட்ரைவ் வெறுமையாக இருந்தும் அதை ஏற்கவில்லை. சின்னதைக் கொண்டுபோய் மகனின் லப்டொப்பில் போட்டேன். ஒரு கடிதமும் இல்லை. எல்லாம் போய்விட்டதா?
– ஓய்வுபெற்ற கிளாக்கர், பெரகல

பதில்: ஒன்றும் போகவில்லை. பெரகல சந்தியில் நிற்கிற பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஒரு கை ஹப்புத்தளைக்கு, இன்னொரு கை கொஸ்லந்தைக்கு. அதைப் பிடுங்கி லொறியில் ஏற்றினால் ஹப்புத்தளை கூடவே வருமா? Inbox.msf அந்தப் பலகைதான். எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் அதில் உண்டு. அழிந்தாலும் கவலையில்லை, தண்டர்பேர்ட் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். கடிதங்கள் இருப்பது வாலில்லாத அந்த Inbox கோப்பில். அத்தனை கடிதமும் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒரே நீளச் சுருள் அது. எம்பொக்ஸ் என்பார்கள். படங்களும் எழுத்தாக மாற்றப்பட்டு அதற்குள்ளேயே இருக்கின்றன. அப்படி மாற்றும்போது 3 எம்பி படம் 4 எம்பியாக வீங்கும். உங்கள் கோப்பு பருத்ததற்கு அது ஒரு காரணம்.

பென் ட்ரைவ் மறுத்தது இடமில்லாமல் அல்ல. பஸ்ஸில் இருக்கை நிறைய இருக்கும், ஆனால் அலுமாரி கதவுக்குள் நுழையாது. கடையில் வாங்கும் பென் ட்ரைவ் பல, FAT32 என்ற முறையில் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் தனியொரு கோப்பு 4 ஜீபியைத் தாண்டக்கூடாது. பென் ட்ரைவில் வேறேதும் இருந்தால் எடுத்து வைத்துவிட்டு, வலது கிளிக் செய்து Format, அதில் exFAT என்று கொடுங்கள். கதவு அகன்றுவிடும்.

"Compact கொடுத்தால் கோப்பு சிறுக்கும்" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். தண்டர்பேர்டில் நீங்கள் அழித்த கடிதம் அந்த நிமிஷமே கோப்பிலிருந்து போய்விடாது. 'அழிந்தது' என்று ஒரு குறி மட்டும் விழும். Compact செய்யும்போதுதான் சுருளிலிருந்து வெட்டப்படும். ஆனால் அதற்காக முழுக் கோப்பையும் திருப்பி எழுத வேண்டும். இருமுகிற கணினியிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முதலில் பிரதி, துப்புரவு மகனின் லப்டொப்பில்.

இனி வேலைக்கு வருவோம். பழைய கணினியில் தண்டர்பேர்டைத் திறந்து, Inbox மேல் அழுத்தினால் கீழ் ஓரத்தில் Total என்று ஓர் எண் தெரியும். அதைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். Sent முதலிய மற்றவற்றுக்கும் அப்படியே. பிறகு Help, அதில் Troubleshooting Information, அதில் Profile Folder வரிசையிலுள்ள Open Folder. கோப்புறை திறந்ததும் தண்டர்பேர்டை முழுதாக மூடிவிடுங்கள். அது திறந்திருக்கும்போது எடுக்கிற பிரதி பாதி எழுதிய பிரதியாக முடியலாம். இப்போது Mail என்ற கோப்புறைக்குள் போனால் உங்கள் Inbox, Sent எல்லாம் இருக்கும். Inbox.sbd என்று ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். Inbox-க்குக் கீழே நீங்கள் உண்டாக்கிய உட்பிரிவுகள் அதற்குள்தான் குடியிருக்கின்றன.

மகனின் லப்டொப்பில் அவருடைய தண்டர்பேர்டையும் மூடிவிட்டு, அதே வழியில் Mail, பிறகு Local Folders. உங்கள் Inbox-ஐ அங்கே ஒட்டும் முன் Kattar-Inbox என்று பெயர் மாற்றுங்கள். புள்ளியும் வாலும் வேண்டாம். உட்பிரிவு இருந்தால் அதற்கும் Kattar-Inbox.sbd. திறந்ததும் Local Folders கீழே புதிய பெட்டி தெரியும். மகனின் கடிதங்களோடு கலக்காது. முதல் தடவை அட்டவணை எழுத நேரமெடுக்கும். தேநீர் ஊற்றிக் குடியுங்கள். பிறகு Total எண்ணைக் கடதாசியோடு ஒப்பிடுங்கள்.

எண் ஒன்றிரண்டு கூடினால் பேய் என்று பயப்படாதீர்கள். இந்தச் சுருளில் புதுக் கடிதம் தொடங்கும் அடையாளம், வரியின் தொடக்கத்தில் வரும் From என்ற சொல்லும் ஓர் இடைவெளியும். மகள் ஆங்கிலக் கடிதத்தின் நடுவே ஒரு வரியை அப்படித் தொடங்கியிருந்தால், கடிதம் இரண்டாகப் பிளக்கலாம். தலைப்பும் தேதியும் இல்லாத அரைக்கடிதம் தென்பட்டால் அதுதான். பிளக்காமலிருக்கவே மென்பொருள்கள் அந்த வரிக்கு முன்னால் ஓர் அம்பைப் போடுகின்றன. பழைய கடிதங்களில் ">From" என்று பார்த்தால் மகளின் பிழை என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: ஏற்றுமதி, Archive – இரண்டும் ஒன்றுதானே?
– தோட்ட அலுவலக உதவியாளர், பண்டாரவளை

பதில்: தேயிலையை ஏற்றுமதி செய்தால் ஸ்டோரில் மிச்சமிருக்காது. கடிதத்தை ஏற்றுமதி செய்தால் மூலம் இங்கேயே இருக்கும், பிரதிதான் போகும். உங்கள் அலுவலகத்து அவுட்லுக்கில் Export என்பது அது. AutoArchive அப்படியல்ல, பழைய கடிதங்களை எடுத்து archive.pst என்ற கோப்புக்கு இடம் மாற்றிவிடும். அந்தக் கோப்பு இருப்பதே தெரியாமல் கணினியை ஃபோர்மட் செய்கிறவர்கள்தான், "கடிதங்களை எல்லாம் யாரோ அழித்துவிட்டார்கள்" என்று சொல்வார்கள். இன்னொன்று: பி.எஸ்.டி. கோப்பு அவுட்லுக்கின் சொந்த மொழி. வேறு மென்பொருளில் படிக்க மாற்றித்தர ஒரு கருவி வேண்டும். லினக்ஸில் readpst அதை எம்பொக்ஸாக மாற்றித் தருகிறது. பத்து வருஷம் கழித்துப் படிக்க வேண்டியதை எம்பொக்ஸாக வைப்பதே என் கட்சி. வேறொன்றும் கிடைக்காவிட்டால் நோட்பேடிலாவது திறந்து பார்க்கலாமே.

கேள்வி: நோட்பேடில் திறந்தால் அழித்த கடிதமும் தெரியுமா?
– பெயர் வேண்டாம், பசறை

பதில்: Compact செய்யாவிட்டால் தெரியும். பெயரைப் போடவில்லை, பயப்படாதீர்கள்.

கேள்வி: பழைய கடிதங்களைப் புதிய கணினியில் திறந்தேன். "jkpo;" என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
– ஆசிரியை, ஹாலி-எல

பதில்: கெடவில்லை டீச்சர். அங்கே "தமிழ்" என்று எழுதியிருக்கிறது! அது பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம். அந்தக் காலத்தில் நாம் அனுப்பியது தமிழ் எழுத்துகளை அல்ல, தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்துகளை. வேஷத்துணி பழைய கணினியிலேயே தங்கிவிட்டது. புதியதில் பாமினியை நிறுவுங்கள், பல கடிதங்கள் தாமாகவே தமிழாகும். ஆகாதவற்றைப் பிரதி எடுத்து, பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டுங்கள். மாற்றியதைத் தனியாக வையுங்கள், மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் என்ன?
– மாணவர், லுணுகலை

பதில்: வாசிக்கலாம். இணைப்புப் படங்கள் வெளியே நின்றுவிடும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவும் முடியாது.

மீண்டும் பெரகல நண்பருக்கு: பென் ட்ரைவ் பிரதி ஒன்றை மகனின் ஊரிலேயே விட்டுவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்களோடு என்னென்ன மண்ணுக்குள் போனது என்று உங்கள் பக்கத்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு Total எண்களும் பொருந்தும்வரை, பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் வந்து கூப்பிட்டாலும் அந்தக் கணினியைக் கொடுக்காதீர்கள்.