மைல்கல் நகரும்

நூம்பலில் ஒரு வாடகை அறை. நான்கு மாணவர்கள், 20ஆம் தேதி பிரசன்டேஷன், ஓர் ஒப்பந்தம்: "ஸ்லைடு - எல்லாரும். தேதி - சீக்கிரம்." நால்வரும் கையெழுத்தும் போட்டார்கள். எல்லாருக்குமான வேலை யாருக்குமில்லாத வேலை என்பது 19ஆம் தேதி நள்ளிரவில்தான் புரிந்தது.

அடுத்த செமஸ்டரில் ஞானம் வந்தது. 8ஆம் தேதி தகவல், 12இல் ஸ்லைடு வரைவு, 16இல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சேர்ப்பது, 18இல் கடிகாரம் வைத்து ஒத்திகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். "தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சுது மச்சி" செல்லாது. குரூப்பில் ஃபைல் விழுந்தால்தான் கணக்கு. விழாவிட்டால் மறுநாளே வேலை கைமாறும். 19ஆம் தேதி மட்டும் காலி: கரண்ட் கட்டுக்கும், யாராவது ஒருவரின் அக்கா கல்யாணத்துக்கும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மைல்கல் நகர்வதில்லை. ஒப்பந்தத்தில், பெயர் எழுதாத கல் நகர்ந்துகொண்டே இருக்கும்.